டொமஸ்டிகஸ் என்றால் சிட்டுக்குருவி அல்ல: அறிவியல் பெயரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழுத்துப் பிழைகளை ஆசிரியரின் சிவப்பு மை பார்த்துக்கொள்ளும். யாரும் திருத்தாமல் பெரிய வகுப்பு வரை கூடவே வரும் தவறுகள் சில உண்டு. இங்கே அவை மட்டும்.

இரண்டாம் சொல்லைத் தனியே பிய்த்து எடுப்பது

சிட்டுக்குருவியின் அறிவியல் பெயர் பாஸர் டொமஸ்டிகஸ். முதல் சொல் பேரினம், இரண்டாம் சொல் சிற்றினம் என்று மனப்பாடம் செய்கிறோம். வம்பு அங்கேதான் தொடங்குகிறது. சிட்டுக்குருவியின் சிற்றினப் பெயர் என்ன என்று கேட்டால், ‘டொமஸ்டிகஸ்’ என்று பதில் வந்துவிடுகிறது.

டொமஸ்டிகஸ் என்பது ‘வீட்டைச் சேர்ந்த’ என்று பொருள்படும் ஓர் அடைமொழி, அவ்வளவுதான். வீட்டைச் சேர்ந்த எது? இரவில் கிரீச்சிடும் சுவர்க்கோழி வகை ஒன்றின் பெயர் அக்கெட்டா டொமஸ்டிகஸ். சாப்பாட்டில் வந்து உட்காரும் வீட்டு ஈயின் பெயர் மஸ்கா டொமஸ்டிகா. ஒன்று பறவை, மற்ற இரண்டும் பூச்சிகள். இரண்டாம் சொல் ஒன்றுபோல இருப்பதால் இவை உறவாகிவிடாது.

தெருவுக்கு ஒரு குமார் இருப்பார். எந்த வீட்டுக் குமார் என்று சொன்னால்தான் ஆள் தெரியும். அறிவியல் பெயரிலும் விதி அதுதான்: ஒரே பேரினத்துக்குள் ஒரே சிற்றினச் சொல்லை இரண்டு உயிரினங்களுக்கு வைக்கக் கூடாது, வேறு பேரினத்தில் வைக்கலாம். ஆகவே பாஸர் என்று மட்டும் எழுதினால் அந்தப் பேரினம் முழுவதையும் குறிக்கும், அது தவறில்லை. டொமஸ்டிகஸ் என்று மட்டும் எழுதினால் எதையுமே குறிக்காது. சிற்றினத்தின் பெயர் என்பது இரண்டு சொற்களும் சேர்ந்ததுதான்.

குருவிக்கு டொமஸ்டிகஸ், ஈக்கு டொமஸ்டிகா. இதை அச்சுப் பிழை என்று நினைத்துத் ‘திருத்தி’ எழுதுபவர்களும் உண்டு. லத்தீன் மொழியில் பெயர்ச்சொற்களுக்குப் பால் உண்டு. பாஸர் ஆண்பால், மஸ்கா பெண்பால். அடைமொழி முதல் சொல்லின் பாலுக்கு ஏற்ப வால் மாற்றிக்கொள்ளும்.

இதற்குச் சிட்டுக்குருவியே சாட்சி. இந்த இருசொல் பெயர் முறையை நிலைநிறுத்திய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் 1758-இல் அதற்கு வைத்த பெயர் ஃப்ரிஞ்சில்லா டொமஸ்டிகா. பின்னர் அது பாஸர் பேரினத்துக்கு மாற்றப்பட்டது. ஃப்ரிஞ்சில்லா பெண்பால், பாஸர் ஆண்பால், எனவே டொமஸ்டிகா டொமஸ்டிகஸ் ஆனது. இரண்டாம் சொல் முதல் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் எல்லாச் சொல்லும் இப்படி மாறாது. சிறுத்தையின் பெயர் பாந்தெரா பார்டஸ். பாந்தெரா பெண்பால்தான், ஆனாலும் பார்டஸ் அடைமொழி இல்லை, தானே ஒரு பெயர்ச்சொல். அதனால் அப்படியே நிற்கிறது.

அடைப்புக்குறியை அலங்காரம் என்று நினைப்பது

சில நூல்களில் பெயருக்குப் பின்னால், அதை முதலில் வெளியிட்டவரும் ஆண்டும் இருக்கும்.

```
Passer domesticus (Linnaeus, 1758)
Musca domestica Linnaeus, 1758
```

குருவிக்கு அடைப்புக்குறி இருக்கிறது, ஈக்கு இல்லை. குருவியை லின்னேயஸ் வேறு பேரினத்தில் வைத்திருந்தார் என்பதற்கு அந்தக் குறியே அடையாளம். ஈ அவர் வைத்த பேரினத்திலேயே இன்றும் இருக்கிறது. அழகுக்காகச் சேர்த்தாலும் சோம்பலில் விட்டாலும் தகவல் பொய்யாகிவிடும். மேலே உள்ள வரிகளில் முதல் சொல் மட்டுமே பெரிய எழுத்தில் தொடங்குவதையும் கவனியுங்கள். இரண்டாம் சொல் ஊர்ப் பெயரிலிருந்து வந்திருந்தாலும் சிறிய எழுத்துதான். அச்சில் இந்த இரண்டு சொல்லும் சாய்வெழுத்தில் வரும். கையால் எழுதும்போது அதற்குப் பதில் அடிக்கோடு போட வேண்டும், இரண்டு சொல்லுக்கும் தனித்தனியாக. ஆள் பெயருக்கும் ஆண்டுக்கும் கோடு வேண்டாம்.

நாஜா நாஜா

நல்ல பாம்பு. ஒரு சொல்லை அடித்துவிடாதீர்கள், விலங்குகளுக்கு இது செல்லும். தாவரங்களுக்குத்தான் செல்லாது.

முதல் சொல்லை அவசரப்பட்டுச் சுருக்குவது

முழுப் பெயரை ஒரு முறை எழுதிய பிறகு, முதல் சொல்லை முதலெழுத்தும் புள்ளியுமாகச் சுருக்கலாம். ஆனால் சிட்டுக்குருவி பாஸர், மயில் பாவோ, புலி பாந்தெரா. மூன்றும் ஒரே ஆங்கில எழுத்தில் தொடங்குகின்றன. மூன்றும் வரும் கட்டுரையில் முழுதாகவே எழுதுங்கள்.

பெயரின் பொருளை நம்பிப் பாடம் படிப்பது

நம் யானை எலிஃபாஸ் மாக்ஸிமஸ். மாக்ஸிமஸ் என்றால் ‘மிகப் பெரிய’. அதை வைத்து உலகிலேயே பெரிய யானை இதுதான் என்று விடைத்தாளில் எழுதினால் மதிப்பெண் போய்விடும், ஏனெனில் ஆப்பிரிக்கப் புதர் யானை இதைவிடப் பெரியது. பொருள் பொருந்தவில்லை என்பதற்காகப் பெயரை மாற்ற விதி இடம் தருவதில்லை. 1758-இல் லின்னேயஸ் வைத்த மாக்ஸிமஸ் இன்றும் அப்படியே இருக்கிறது.