ஓய்வு பெறும் சக ஊழியருக்கு எளிய ஜெர்மனில் ஒரு வழியனுப்பு உரை

ஜெர்மனியில் வேலை செய்பவர், ஓய்வு பெறும் சக ஊழியருக்காக அலுவலகத்தில் மூன்று நிமிடம் பேச வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். குறு வாக்கியங்களே அதற்குப் போதும்.

எழுதுவதற்கு முன், அவரை நீங்கள் வழக்கமாக நெருக்கமான 'டூ' என்றா, மரியாதையான 'ஸீ' என்றா அழைக்கிறீர்கள் என்பதை உறுதி செய்யுங்கள். 'ஸீ' சொல்லிவந்தவரை மேடையில் திடீரென்று 'டூ' என்றால் நெருக்கம் கூடாது, சங்கடமே கூடும். கீழுள்ளவை 'டூ' சொல்லும் ஒருவருக்கானவை.

விளிப்பில் பெண்ணானால் 'லீபெ', ஆணானால் 'லீபர்' என்று சொல்லிப் பெயரைச் சேர்த்து, பிறகு கூடியிருப்பவர்களை 'லீபெ கொலேகினென் உண்ட் கொலேகென்' என்று அழையுங்கள். அடுத்து, 'ஹொய்ட்டெ இஸ்ட் டைன் லெட்ஸ்டர் ஆர்பைட்ஸ்டாக்' (இன்று உன் கடைசி வேலை நாள்) என்று நேராகத் தொடங்கலாம்.

உரையின் உயிர் ஒரே ஒரு நினைவில் இருக்கிறது. 'அன்பானவர், உழைப்பாளி' என்று அடுக்குவதைவிட இது மேல்: 'ஆன் மைனெம் ஏர்ஸ்டென் டாக் ஹாபெ இஹ் ஃபாஸ்ட் நிஹ்ட்ஸ் ஃபெர்ஷ்டாண்டென். டூ ஹாஸ்ட் லாங்ஸாம் கெஷ்ப்ரோஹென், நூர் ஃப்யூர் மிஹ்.' முதல் நாளில் எனக்கு ஏறக்குறைய ஒன்றுமே புரியவில்லை. நீ எனக்காகவே மெதுவாகப் பேசினாய் என்பது பொருள்.

நகைச்சுவையை அவர் விட்டுச்செல்லும் வேலையிலிருந்து எடுங்கள். காபி இயந்திரத்தில் படியும் சுண்ணாம்பை நீக்குவது அவர் மட்டுமே என்றால், 'அப் மோன்டாக் ஹாபென் வீர் ஐன் ப்ரொப்ளேம். வேர் என்ட்கால்க்ட் யெட்ஸ்ட் டீ கஃபேமஷீனெ?' என்று கேளுங்கள். திங்கட்கிழமை முதல் நமக்கு ஒரு சிக்கல், இனி அதை யார் செய்வார் என்ற கேள்வி அவரை உயர்த்துகிறது. வயதையோ உடல்நிலையையோ தொட்ட சிரிப்பு அப்படிச் செய்யாது. 'என்ட்லிஹ்' (ஒருவழியாக) என்ற சொல்லையும் தவிர்த்துவிடுங்கள், நீங்கள் போனால் போதும் என்று காதில் விழக்கூடும்.

இந்தத் திங்கட்கிழமை வாக்கியத்தில் நம்மவர் வழக்கமாகத் தடுமாறுவது வினையின் இடத்தில்தான். சாதாரண வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் நிற்க வேண்டும் என்பதால், 'அப் மோன்டாக்' என்று தொடங்கினால் உடனே 'ஹாபென்' வர வேண்டும். 'அப் மோன்டாக் வீர் ஹாபென்' என்பது பிழை. 'என்று' எனப் பொருள்படும் 'டஸ்', 'ஏனெனில்' எனப் பொருள்படும் 'வைல்' போன்ற இணைப்புச் சொற்களுக்குப் பின் வினை கடைசிக்குப் போய்விடும், அது தமிழருக்குப் பழகியதுபோல் தோன்றினாலும் பதற்றத்தில் மறந்துபோகும். ஆகவே உரக்கப் படித்துப் பாருங்கள், ஒரே மூச்சில் முடியாத வாக்கியத்தை அந்த இணைப்பில் வெட்டி இரண்டாக்குங்கள்.

சிரிப்பு அடங்கும்வரை ஒரு கணம் நின்று, பிறகு 'டூ விர்ஸ்ட் உன்ஸ் ஃபேலென்' (நீ இல்லாத குறை எங்களுக்குத் தெரியும்) என்று தணிந்த குரலில் சொல்லுங்கள். 'ஆலெஸ் கூடெ ஃப்யூர் டேன் ரூஎஷ்டான்ட்' என்று ஓய்வுக்கு வாழ்த்தி, கோப்பையை உயர்த்தி அவர் கண்ணைப் பார்த்து, 'உன் நலத்துக்காக' என்ற பொருளில் 'அவுஃப் டைன் வோல்' என்று முடியுங்கள்.