பிராதில் வழக்கு மூலம் இல்லையென்றால்: முதல் படியிலேயே நிராகரிக்கப்படாமல் இருக்க

உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் கட்டளை 7 விதி 11(அ)வின்படி, வழக்கு மூலத்தை வெளிப்படுத்தாத பிராதை நீதிமன்றம் சாட்சி விசாரணைக்கே போகாமல் நிராகரிக்கலாம். நிராகரிக்கக் கோரிப் பிரதிவாதி போடும் மனுவை விசாரிக்கும்போது நீதிபதி பிராதையும் அதோடு தாக்கலான ஆவணங்களையும் மட்டுமே பார்ப்பார். பிரதிவாதியின் எதிருரையில் என்ன இருக்கிறது என்பது அங்கே பொருட்டல்ல. பிராதில் சொன்னதெல்லாம் உண்மையென்றே வைத்துக்கொண்டாலும் வாதி கேட்கும் பரிகாரம் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. ஆகவே ‘சாட்சியத்தில் சொல்லிக்கொள்ளலாம்’ என்று விட்டுவைத்த சங்கதி இந்த இடத்தில் உதவாது.

பெரும்பாலான பிராதுகளின் கடைசிப் பக்கத்தில் ‘வழக்கு மூலம் இன்ன தேதியில் இந்த நீதிமன்ற எல்லைக்குள் எழுந்தது’ என்று ஒரு பத்தி வரும். பழைய பிராதிலிருந்து அப்படியே எடுத்து, தேதியை மட்டும் மாற்றுவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பத்தி வழக்கு மூலத்தை உண்டாக்காது. வாதிக்கு என்ன உரிமை, அதை இந்தப் பிரதிவாதி எப்போது, எப்படி மீறினார் என்ற சங்கதிகள் முந்தைய பத்திகளில் இருந்தால்தான் கடைசிப் பத்திக்கு உயிர்.

ஒரு கிரய ஒப்பந்த வழக்கை எடுத்துக்கொள்வோம். 12.4.2021 அன்று பதிவான ஒப்பந்தம். கிரயத் தொகை 20 லட்சம், முன்பணம் 4 லட்சம், மீதியைக் கொடுத்துக் கிரயம் முடிக்க 6 மாதம். ஏற்றதை ஆற்றுவிக்கக் கோரி 2024 ஜூனில் வழக்கு. பிராதில் இருப்பது இவ்வளவுதான்: ‘பிரதிவாதி ஒப்பந்தத்தை மோசடியாக மீறிவிட்டார். வழக்கு மூலம் 12.4.2021 அன்று எழுந்தது.’

முதல் கோளாறு, மீறல் என்ற முடிவு இருக்கிறது, மீறிய செயல் இல்லை. வாதி எந்தத் தேதியில் மீதிப் பணத்தோடு கிரயத்துக்கு அழைத்தார், நோட்டீஸ் எப்போது அனுப்பினார், பிரதிவாதி என்ன பதில் சொன்னார் அல்லது வராமலிருந்தார் என்று எழுத வேண்டும். ‘மோசடி’ என்றால் கட்டளை 6 விதி 4 விவரங்களைக் கேட்கிறது. யார், எப்போது, என்ன பொய் சொன்னார் என்பது இல்லாமல் அந்தச் சொல்லுக்கு எடையில்லை. வாதி தன் பங்கை நிறைவேற்ற எப்போதும் தயாராகவும் விருப்பத்துடனும் இருந்ததையும், மீதி 16 லட்சத்தை எதிலிருந்து திரட்டுவதாக இருந்தார் என்பதையும் சேர்ப்பது நல்லது. 2018 திருத்தத்துக்குப் பிறகு குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் அதை நிரூபிக்கத்தான் சொல்கிறது. ஆனால் பிராதில் சொல்லாததை நிரூபிக்கப் போனால் எதிர்ப்பக்கம் சும்மா இருக்காது.

இரண்டாவது கோளாறு தேதி. காலவரம்புச் சட்ட அட்டவணையின் உறுப்பு 54இன்படி, நிறைவேற்றத் தேதி குறித்திருந்தால் 3 ஆண்டு அங்கிருந்துதான் ஓடும். இங்கே 6 மாதக் கெடு 12.10.2021இல் முடிவதால் வழக்கு காலத்துக்குள்தான் இருக்கிறது. ஆனால் பிராது ஒப்பந்தத் தேதியை மட்டும் சொல்வதால், மேலோட்டமாகப் படித்தால் 12.4.2024லேயே காலாவதியானதுபோலத் தெரியும். சட்டத்தால் தடையான வழக்கு என்று விதி 11(ஈ)இன் கீழும் மனு வரும். ஒப்பந்த நகல் இணைப்பில் இருந்தால் நீதிமன்றம் அதைப் படிக்கும்தான், ஆனாலும் கெடு தேதியைப் பிராதிலேயே எழுதாமல் விடக் காரணமில்லை. நேர்மாறாக, உண்மையிலேயே காலாவதியான வழக்கைச் சொல்திறத்தால் காப்பாற்றவும் முடியாது. அப்படிப் புனைந்த பிராதுகளை முளையிலேயே கிள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1977இல் அறிவந்தாண்டம் வழக்கில் சொன்னதை இன்றும் எல்லாப் பிரதிவாதியும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

இதற்கிடையில் சொத்து 5.1.2024 அன்று மூன்றாம் நபருக்கு விற்கப்பட்டு, அவரை இரண்டாம் பிரதிவாதியாகச் சேர்த்திருக்கிறார்கள் என்றால், அவர் பெயர் தலைப்பில் இருப்பது போதாது. அவர் எந்தக் கிரயத்தின் மூலம் வந்தார், வாதியின் ஒப்பந்தம் அவருக்குத் தெரியும் என்பதற்கு என்ன அடிப்படை (பதிவான ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் தெரிந்திருக்கும் என்பதுபோல) என்று ஒரு பத்தியாவது வேண்டும்.

நிராகரிப்பு மனு வந்த பிறகு விடுபட்ட சங்கதி கண்ணில் பட்டால், பிராதைத் திருத்தக் கட்டளை 6 விதி 17இன் கீழ் உடனே மனுப் போட வேண்டும். எதிர்மனுவில் விளக்கம் எழுதினால் பிராது திருந்திவிடாது. குறைவான நீதிமன்றக் கட்டணத்துக்குக் கிடைப்பதுபோன்ற அவகாசத்தை விதி 11(அ) தருவதில்லை. நிராகரித்த உத்தரவு தீர்ப்பாணைக்குச் சமம் என்பதால் மேல்முறையீடு உண்டு. விதி 13இன்படி புதிய பிராதும் தாக்கல் செய்யலாம், ஆனால் நம் உதாரணத்தில் காலவரம்பு கடந்துவிட்டால் அந்தக் கதவு பெரும்பாலும் பெயரளவுக்குத்தான்.