கணிப்பு ஒரே பக்கம் சாய்கிறதா? டிராக்கிங் சிக்னல் போட்டுப் பார்க்கும் முறை

இட்லி மாவு அரைத்து பாக்கெட் போட்டு விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். வாரத்துக்கு 200 பாக்கெட் போகும் என்று கணித்து அரிசி, உளுந்து வாங்குகிறார்கள். ஒரு வாரம் ஆறு கூடும், ஒரு வாரம் ஐந்து குறையும். அது இயல்புதான். பிழை தொடர்ந்து ஒரே பக்கமாக விழ ஆரம்பித்தால், கணிப்பு சாய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

முதலில் தேவையைச் சரியாகக் குறியுங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். விற்பனையை அப்படியே தேவை என்று எழுதிவிடுவார்கள். 200 பாக்கெட்தான் போட்டீர்கள் என்றால் 201-ஆவது பாக்கெட்டை விற்கவே முடியாது. கணிப்பு குறைவாக இருப்பது கணக்கில் தெரியவே தெரியாது. கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். மாவு தீர்ந்த பிறகு வந்து கேட்டவர்களுக்கு, பாக்கெட்டுக்கு ஒரு கோடு. வார முடிவில் அதையும் விற்றதோடு கூட்டுங்கள்.

அடுத்து எக்செல். A-யில் வாரம், B-யில் கணிப்பு, C-யில் தேவை. இரண்டாவது வரியில் இவற்றை அடித்துக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
D2: =C2-B2
E2: =ABS(D2)
F2: =SUM(D$2:D2)/AVERAGE(E$2:E2)
```

D என்பது பிழை. E-யில் அதே பிழை, கூட்டல் கழித்தல் குறி இல்லாமல். பிழைகளின் கூட்டுத்தொகையை E-யின் சராசரியால் வகுத்தால் வருவதுதான் F, அதாவது டிராக்கிங் சிக்னல்.

| வாரம் | கணிப்பு | தேவை | பிழை | சிக்னல் |
|---|---|---|---|---|
| 1 | 200 | 206 | +6 | 1.00 |
| 2 | 200 | 195 | −5 | 0.18 |
| 3 | 200 | 209 | +9 | 1.50 |
| 4 | 200 | 212 | +12 | 2.75 |
| 5 | 200 | 204 | +4 | 3.61 |
| 6 | 200 | 214 | +14 | 4.80 |

சராசரிப் பிழை எட்டு பாக்கெட் சொச்சம்தான், 200-க்கு நான்கு சதவீதம். அதை மட்டும் பார்த்தால் கணிப்பு அருமை என்று தோன்றும். சிக்னலோ ஏறிக்கொண்டே போகிறது. வழக்கமாக +4, −4 என்று எல்லை வைப்பார்கள். ஆறாவது வாரம் அது தாண்டிவிட்டது. கூட்டல் என்றால் கணிப்பு குறைவு, கழித்தல் என்றால் அதிகம். (சிலர் கணிப்பிலிருந்து தேவையைக் கழிப்பார்கள், அப்போது இது தலைகீழாகும்.)

ஒன்றைக் கவனியுங்கள். எல்லாப் பிழையும் ஒரே பக்கம் விழுந்தாலும் நான்காவது வாரம் சிக்னல் சரியாக 4-தான் வரும், அதற்கு மேல் போகாது. அதனால் முதல் மாதத்தில் எல்லை தாண்டவில்லை என்று நிம்மதி அடையாதீர்கள். பிழையின் குறிகளைக் கண்ணால் பாருங்கள்.

எல்லை தாண்டினால் முதலில் காரணத்தைத் தேடுங்கள். பக்கத்தில் புதிதாக ஹாஸ்டல் வந்திருந்தால் கணிப்பை உயர்த்த வேண்டியதுதான். ஆறு வாரத்தில் மொத்தப் பிழை 40, வாரத்துக்கு ஏழு பாக்கெட். ஆக 207 என்று வைத்துப் பார்க்கலாம். ஒரே ஒரு கல்யாண ஆர்டர்தான் காரணம் என்றால் அந்த வாரத்தின் தேவையிலிருந்து அதைக் கழித்துவிட்டு மறுபடி கணக்கிடுங்கள்; கணிப்பைத் தொட வேண்டாம்.

கணிப்பை மாற்றினால் கூட்டுத்தொகையையும் அந்த வாரத்திலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் பழைய 40 அப்படியே நிற்கும். சரியான கணிப்பையும் சிக்னல் பல வாரம் தப்பு என்றே காட்டிக்கொண்டிருக்கும்.