சீனியாரிட்டி இருந்தும் பதவி உயர்வு கிடைக்காதவர்கள் செய்யும் தவறுகள்

சங்க அலுவலகத்தில் பதவி உயர்வு வழக்குகளுக்குக் காகிதம் தயார் செய்வது என் வேலை. நான் சேர்ந்த காலத்தில் ஊழியர்கள் செய்த அதே பிழைகளை இன்றைக்குப் புதிதாக வருகிறவர்களும் செய்கிறார்கள். கெஞ்சுவது, மேலதிகாரியோடு சண்டை போடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தவறு என்று எல்லோருக்கும் தெரியும்.

"நான் சீனியர், அதனால் எனக்குத்தான்" என்று தொடங்குவது

சட்டம் தரும் உரிமை பதவி உயர்வு அல்ல. தகுதி வரம்பில் இருந்தால் பரிசீலிக்கப்படும் உரிமை மட்டுமே. அதனால் முதலில் பணி விதியைத் திறந்து பாருங்கள். தகுதியைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே அடிப்படை என்று விதி சொன்னால், உங்களைவிடச் சிறந்த ஜூனியர் முந்திப் போகலாம். "பணிமூப்பு மற்றும் தகுதி" என்று சொன்னால் கதை வேறு. அங்கே குறைந்தபட்சத் தகுதியை எட்டியவர்களுக்குள் மூப்பு வரிசைதான் செல்லும். ஜூனியர் கூடுதல் மதிப்பெண் வாங்கியதால் மட்டும் உங்களைத் தாண்ட முடியாது. 1998-இல் சிவையா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது.

தகுதியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறையிலும் கேள்வி எழுப்ப இடமுண்டு. உங்கள் பெயரையே பரிசீலிக்காமல் விட்டிருக்கலாம். உங்களுக்குக் காட்டாத ஆண்டு மதிப்பீட்டை வைத்து ஒதுக்கியிருக்கலாம். "குட்" என்ற மதிப்பீடுகூட, "வெரி குட்" தேவைப்படும் பதவிக்குப் பாதகமானதுதான், அதைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்றது 2008-இன் தேவ் தத் தீர்ப்பு. ஒழுங்கு நடவடிக்கை விசாரணை நிலுவை என்று, உங்களைப் பற்றிய பதவி உயர்வுக் குழுவின் முடிவை முத்திரையிட்ட உறையில் வைத்தால், குற்றச்சாட்டுக் குறிப்பாணை எந்தத் தேதியில் தரப்பட்டது என்று பாருங்கள். குழு கூடிய நாளில் அது தரப்படவில்லை என்றால், ஆரம்பகட்ட விசாரணையை மட்டும் காரணம் காட்டி உங்களை நிறுத்தி வைக்க முடியாது. 1991-இன் ஜானகிராமன் தீர்ப்பு அப்படித்தான் சொல்கிறது.

மனு மேல் மனு போட்டுக் காலத்தைக் கோட்டை விடுவது

இதைப் பார்த்தால்தான் எனக்கு எரிச்சல் வருகிறது.

மத்திய அரசு ஊழியர் ஒருவர் வந்தார். அவருடைய பதவிக்கு விதி "பணிமூப்பு மற்றும் தகுதி". குறைந்தபட்ச மதிப்பெண்ணைத் தாண்டியிருந்தார். ஆனால் நேர்காணலில் கூடுதல் மதிப்பெண் வாங்கிய ஜூனியருக்கு 2022 ஜூனில் ஆணை போனது. ஜெயிக்கக்கூடிய வழக்கு. 2022 ஆகஸ்டில் துறைக்கு மனுவும் கொடுத்திருந்தார். பதில் இல்லை. அப்புறம் நினைவூட்டல், அதற்கு இன்னொரு நினைவூட்டல். 2025-இல் "ஏற்க இயலாது" என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அந்தத் தேதியிலிருந்து ஓராண்டு இருக்கிறதே என்று நம்பிக்கையோடு உட்கார்ந்திருந்தார்.

சரி, கணக்கைப் பார்ப்போம். மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போக, இறுதி ஆணை வந்த நாளிலிருந்து ஓராண்டு. மனுவுக்குப் பதிலே வராவிட்டால் ஆறு மாதம் காத்திருந்து, அதன் பிறகு ஓராண்டு. 2022 ஆகஸ்டுக்கு ஆறு மாதம் சேர்த்தால் 2023 பிப்ரவரி. அதற்கு ஓராண்டு சேர்த்தால் 2024 பிப்ரவரி. அதோடு கெடு முடிந்தது. சட்டம் வழிவகுக்காத நினைவூட்டல்கள் கெடுவை நீட்டாது என்று 1989-இலேயே ரத்தோர் தீர்ப்பு சொல்லிவிட்டது. செத்துப்போன கோரிக்கைக்குத் தாமதமாக வரும் பதில் அதற்கு உயிர் கொடுக்காது என்பது 2008-இன் ஜேக்கப் தீர்ப்பு. தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம்தான், ஆனால் "மனு போட்டுக்கொண்டே இருந்தேன்" என்பதைப் போதிய காரணமாக ஏற்பது அரிது.

மாநில அரசு ஊழியர்கள் எங்களுக்கு இந்தக் கெடு இல்லையே என்பார்கள். தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றம் போக வேண்டும், நிலையான கெடு இல்லை என்பது உண்மை. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து போன சதாசிவசாமி வழக்கைப் படியுங்கள். 1957-இல் ஜூனியருக்குக் கிடைத்த பதவி உயர்வை எதிர்த்து அவர் பதினான்கு ஆண்டு கழித்து வந்தார். ஆறு மாதத்துக்குள், அதிகம் போனால் ஓராண்டுக்குள் வந்திருக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

ஆகவே ஒரே ஒரு மனு போதும். எந்த விதி, எந்த ஆணை, எந்த ஜூனியர் என்று எழுதி, ஒப்புகை வாங்கி, கெடு தேதியை அன்றைக்கே குறித்து வையுங்கள். குழுக் கூட்டக் குறிப்பைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், ஆனால் அது வரும்வரை கெடுவைத் தாண்டிக் காத்திருக்காதீர்கள்.

ஜூனியரை எதிர்மனுதாரராகச் சேர்க்காமல் விடுவது

விடாதீர்கள். அவர் பதவியைப் பறிக்கக் கேட்டுவிட்டு அவரை விட்டுவிட்டால் வழக்கு அதிலேயே விழும்.

தனியார் நிறுவனத்திலும் இதே வாதத்தை வைப்பது

பெரும்பாலும் எடுபடாது. அங்கே பணி ஒப்பந்தமும் நிலையாணையும்தான் பேசும். தொழிலாளி என்ற வரையறைக்குள் வருபவருக்குத் தொழிற்சங்கப் பணிக்காகப் பதவி உயர்வை மறுத்தால், அது நியாயமற்ற தொழிலாளர் நடைமுறை என்று வழக்காட இடம் கிடைக்கும்.