ஸ்டிரீமிங் ஸ்டிக்கைத் தொலைக்காட்சியின் யூஎஸ்பி போர்ட்டில் இணைப்பவர்கள் செய்யும் தவறுகள்

ஸ்டிரீமிங் ஸ்டிக்கை எச்டிஎம்ஐ போர்ட்டில் செருகியதும், அதன் மின் கேபிளைப் பக்கத்திலேயே இருக்கும் யூஎஸ்பி போர்ட்டில் மாட்டிவிட்டால் ஒரு பிளக் மிச்சமாகும், வயரும் சுவரில் தொங்காது. பெரும்பாலான வீடுகளில் தவறு இங்கேதான் தொடங்குகிறது. யூஎஸ்பி போர்ட் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அது எவ்வளவு மின்னோட்டம் தரும் என்பது தொலைக்காட்சிக்குத் தொலைக்காட்சி மாறுபடும்.

யூஎஸ்பி 2.0 தரத்தின்படி ஒரு போர்ட் 5 வோல்ட்டில் 0.5 ஆம்பியர், அதாவது 2.5 வாட் தந்தால் போதும். யூஎஸ்பி 3.0 போர்ட்டுக்கு அந்த அளவு 0.9 ஆம்பியர். ஸ்டிக்கோடு பெட்டியில் வரும் அடாப்டரோ 5 வோல்ட், 1 ஆம்பியர் அல்லது அதற்கும் மேல் தருவது. ஸ்டிக் எந்நேரமும் அவ்வளவு மின்சாரத்தை இழுப்பதில்லை என்பதுதான் இங்கே நம்மை ஏமாற்றுகிறது. முகப்புத் திரையில் சும்மா நிற்கும்போது அரை ஆம்பியருக்குள்ளேயே அது சமாளித்துவிடும். தொடங்கும்போதும், 4கே படத்தை ஓடவிடும்போதும், வைஃபை வேகமாகத் தரவை வாங்கும்போதும் தேவை திடீரென உயர்கிறது. அந்த நொடியில் வோல்ட்டேஜ் சரிந்தால், ஸ்டிக் படத்தின் நடுவே நின்று, நிறுவனத்தின் சின்னத்தோடு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். பலர் இதை வைஃபை கோளாறு என்று நினைத்து ரவுட்டரை இடம் மாற்றிப் பார்க்கிறார்கள். வைஃபை மட்டும் குறைந்தால் படம் சுற்றிக்கொண்டு காத்திருக்குமே தவிர, ஸ்டிக் அணைந்து மறுபடியும் தொடங்காது. இரண்டையும் இதை வைத்தே பிரித்தறியலாம். மின்சாரம் போதவில்லை என்று சில ஸ்டிக்குகள் திரையிலேயே எச்சரிக்கை காட்டும். அதை மூடிவிட்டுப் படத்தைத் தொடர்வது நல்லதல்ல.

போர்ட்டின் அருகே 1 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தால் அந்தப் போர்ட்டை முயன்று பார்க்கலாம். 0.5 ஆம்பியர் என்றிருந்தாலோ, எதுவுமே எழுதப்படாமல் இருந்தாலோ அதை நம்பாமல் இருப்பதே நல்லது. நண்பர் வீட்டில் இப்படித்தான் ஓடுகிறது என்பது சான்றாகாது. அவருடைய தொலைக்காட்சி தரத்துக்கு மேலாகவே மின்னோட்டம் தரக்கூடியதாக இருக்கலாம்.

மின்சாரத்தின் அளவு போதுமானதாக இருந்தாலும் இன்னொரு வேறுபாடு உண்டு. பல தொலைக்காட்சிகள் ஸ்டாண்ட்பைக்குப் போனதும் யூஎஸ்பி போர்ட்டுக்கான மின்சாரத்தை நிறுத்திவிடுகின்றன. ஆகவே ஒவ்வொரு முறை தொலைக்காட்சியைப் போடும்போதும் ஸ்டிக் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும், அதுவரை நாம் காத்திருக்க வேண்டும். ஸ்டிக்கின் ரிமோட்டை அழுத்தி, எச்டிஎம்ஐ வழியாகத் தொலைக்காட்சியை எழுப்பும் வசதியும் வேலை செய்யாது, ஏனெனில் கட்டளையை அனுப்ப வேண்டிய ஸ்டிக்கே அணைந்து கிடக்கிறது. யாரும் பார்க்காத நேரத்தில் நடக்க வேண்டிய மென்பொருள் புதுப்பித்தலும் தள்ளிப்போய், நாம் படம் பார்க்க உட்காரும் வேளையில் வந்து நிற்கும். அடாப்டரில் இணைத்தால் இவையெல்லாம் சரியாகிவிடும். பதிலாக ஸ்டிக் நாள் முழுவதும் சிறிதளவு மின்சாரம் எடுக்கும். அது 1.5 வாட் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்குச் சுமார் 13 யூனிட் ஆகும். ஆனால் இரவில் சுவிட்ச் போர்டையே அணைத்துவிட்டுப் படுக்கும் வீட்டில், அடாப்டரிலிருந்தும் இந்தப் பலன் கிடைக்காது. அங்கே மிஞ்சுவது போதுமான மின்னோட்டம் என்ற ஒரு நன்மை மட்டுமே.

அடாப்டருக்கு மாறியவர்கள் செய்யும் தவறு கேபிளில் இருக்கிறது. பிளக் தொலைவில் இருக்கிறதென்று, கடையில் கிடைத்த மெல்லிய 2 மீட்டர் கேபிளை வாங்குகிறார்கள். அதற்குள் 28 கேஜ் கம்பி இருந்தால், போகவும் திரும்பவும் சேர்த்து 4 மீட்டருக்கு மின்தடை ஏறக்குறைய 0.85 ஓம். ஸ்டிக் 0.8 ஆம்பியர் இழுக்கும்போது 0.68 வோல்ட் கேபிளிலேயே தீர்ந்துபோக, 5 வோல்ட்டில் 4.3 வோல்ட்தான் ஸ்டிக்கைச் சேர்கிறது. அடாப்டர் சரியாக இருந்தும் ஸ்டிக் மறுபடியும் மறுபடியும் தொடங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தக் கேபிளைத்தான். அதே நீளத்துக்குத் தடித்த 24 கேஜ் கம்பியில் இழப்பு 0.27 வோல்ட் அளவே. கேபிளை நீட்டுவதைவிட, எக்ஸ்டென்ஷன் பாக்ஸை அருகில் கொண்டுவந்து பெட்டியில் வந்த கேபிளையே பயன்படுத்துவது எளிது.

இதற்கு நேர்மாறான பயமும் சிலருக்கு உண்டு: கைபேசியின் 2 ஆம்பியர் சார்ஜரில் மாட்டினால் ஸ்டிக் எரிந்துவிடும் என்று. எவ்வளவு மின்னோட்டம் வேண்டும் என்பதை இழுத்துக்கொள்வது ஸ்டிக்தான், அடாப்டர் அதைத் திணிப்பதில்லை. முறையாகத் தயாரிக்கப்பட்ட வேகச் சார்ஜரும், இணைத்த கருவி கேட்டாலொழிய 5 வோல்ட்டைத் தாண்டாது. அஞ்ச வேண்டியது, தரமே தெரியாத மலிவான அடாப்டரைத்தான்.