பார்த்தெனான் தூணின் வளைவை நூலும் சாக்பீஸும் கொண்டு வரைவது எப்படி?

ஏதென்ஸின் பார்த்தெனான் கோயில் (கி.மு. 447–432) தூண்களின் விளிம்பு நேர்கோடு இல்லை. அடியிலிருந்து நுனிக்கு ஒரு நேர்க்கோடு போட்டால், தூணின் பக்கம் அதைவிட நடுவில் சுமார் 1.75 செ.மீ. வெளியே தள்ளியிருக்கும். மேலே குறுகும் தூணை நேராகவே செதுக்கினால் நடுவில் குழிந்ததுபோல் தெரியும் என்பது இதற்குப் பழைய விளக்கம். இந்தப் புடைப்புக்கு என்டாசிஸ் என்று பெயர்.

ஏறத்தாழ 10 மீட்டர் உயரத் தூணில் இவ்வளவு சின்ன வளைவை எப்படிக் குறித்தார்கள்? விடைக்கு ஒரு தடயம் துருக்கியில் உள்ள டிடிமா அப்பல்லோ கோயிலில் கிடைத்தது. அங்கே கடைசி மெருகு போடாமல் விட்ட சுவர்களில் கொத்தர்கள் கீறிய வரைபடங்களை 1979-இல் கட்டடக்கலை ஆய்வாளர் ஹாசல்பெர்கர் கண்டுபிடித்தார். அகலம் முழு அளவில். உயரம் மட்டும் 16-இல் ஒரு பங்கு. அந்த முறையிலேயே பார்த்தெனான் தூணை வரைந்து பார்ப்போம்.

1. தலைப்பகுதி நீங்கலாகத் தூண் சுமார் 9.6 மீட்டர். 16-ஆல் வகுத்தால் 60 செ.மீ. தரையில் அந்த நீளத்துக்கு ஒரு கோடு போடுங்கள். இதுதான் தூணின் நேரான விளிம்பு.

2. கோட்டின் நடுவிலிருந்து செங்குத்தாக, தூணின் உட்பக்கம் 256 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி வையுங்கள். அங்கே நூலின் ஒரு முனையை ஒருவர் அழுத்திப் பிடிக்கட்டும். மறுமுனையைக் கோட்டின் நுனிவரை இழுத்து, அதே நீளத்தில் வட்டவில் வரையுங்கள். பருத்தி நூல் நீளும். வில் இரண்டு நுனிகளையும் தொடாமல் போனால் காரணம் அதுதான். மெல்லிய கம்பி நல்லது.

3. சரி பாருங்கள்: நடுவில் 1.75 செ.மீ., நுனியிலிருந்து 15 செ.மீ. தள்ளி 1.3 செ.மீ. புடைப்பு இருக்க வேண்டும்.

4. இனி 2 செ.மீ.க்கு ஒரு குறுக்குக்கோடு போடுங்கள். ஒவ்வொன்றும் நிஜத்தில் 32 செ.மீ. உயரம். அதில் வில்வரை உள்ள தூரத்தை அப்படியே அளந்து கல்லுக்கு மாற்றலாம், கணக்கே வேண்டாம். எனக்கு இந்த வரைபடத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

புடைப்பு என்றதும் பீப்பாய் வடிவத்தில் வரைந்துவிடாதீர்கள். தூணின் விட்டம் அடியில் 1.9 மீட்டர், நுனியில் 1.48 மீட்டர். நடுவிலும் அது அடியைவிடக் குறைவாகவே இருக்கும். இத்தாலியில் உள்ள பயஸ்டம் நகரின் பழைய ஹெரா கோயிலில் புடைப்பு கண்ணுக்கே நன்றாகத் தெரிகிறது. அதனால் கண்ணை ஏமாற்றுவது மட்டுமே நோக்கம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. பாரம் தாங்கும் தசையின் விறைப்பையும் காட்ட நினைத்திருப்பார்கள் என்றே தோன்றுகிறது.

அப்புறம் சாய்வு. வெளித்தூண்கள் உள்நோக்கி சுமார் 7 செ.மீ. சாய்கின்றன. தூணைச் சாய்த்து நிறுத்தவில்லை, அடி உருளைக்கல்லையே ஆப்பு மாதிரி வெட்டினார்கள். 10.4 மீட்டருக்கு 7 செ.மீ. என்றால், 1.9 மீட்டர் அகல அடிக்கல்லில் வெளிப்பக்கம் உட்பக்கத்தைவிட சுமார் 1.3 செ.மீ. உயரம் கூட இருக்க வேண்டும். மூலைத்தூண் இரண்டு பக்கமும் சாய வேண்டும் என்பதால், அதன் ஆப்பு மூலைவிட்ட திசையில் அமையும்.