கல்விக்கடன்: படிக்கும் காலத்து வட்டியை நீங்களே கணக்குப் போடுங்கள்

கல்விக்கடனில் படிப்புக் காலமும், வழக்கமாக அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்டத் தேவையில்லை. இதைத்தான் மாரட்டோரியம் என்கிறார்கள். தவணைக்குத்தான் விடுப்பு, வட்டிக்கு இல்லை. வட்டி எவ்வளவு ஏறும் என்று ஒரு தாளும் கால்குலேட்டரும் வைத்துப் பார்த்துவிடலாம்.

படி 1: பணம் போன தேதிகளை எழுதுங்கள்

நான்கு வருடப் பொறியியல் படிப்பு, ஆண்டுக்கு 1 லட்சம் கட்டணம், வட்டி 10% என்று வைத்துக்கொள்வோம். வங்கி மொத்தமாக 4 லட்சத்தைத் தருவதில்லை, வருடா வருடம் கல்லூரிக்கு அனுப்பும். வட்டியும் அனுப்பிய தொகைக்கு மட்டும்தான்.

படி 2: ஒவ்வொரு லட்சத்துக்கும் தனியாக வட்டி போடுங்கள்

மாரட்டோரியம் மொத்தம் 5 வருடம். முதல் லட்சத்துக்கு 5 வருட வட்டி 50,000. அடுத்தடுத்த லட்சங்களுக்கு 40,000, 30,000, 20,000. கூட்டினால் 1,40,000 ரூபாய். இது தனிவட்டிக் கணக்கு. பொதுத்துறை வங்கிகளில் மாரட்டோரியத்தின்போது பொதுவாக இப்படித்தான்.

உங்கள் கடனிலும் தனிவட்டிதானா என்று ஸ்டேட்மென்டில் பாருங்கள். ஜூலை, ஆகஸ்ட் இரண்டுக்கும் 31 நாள். இடையில் புதிதாகப் பணம் போகாமல், வட்டி விகிதமும் மாறாமல் இருந்தால், 1 லட்சத்துக்கு இரண்டு மாதமும் சுமார் 849 ரூபாய் வர வேண்டும். ஆகஸ்டில் 857 என்று இருந்தால், வட்டிக்கு வட்டி இப்போதே ஓடுகிறது. உடனே கிளையில் கேளுங்கள்.

படி 3: அசலோடு சேர்த்துப் பாருங்கள்

மாரட்டோரியம் முடிந்ததும் அந்த 1,40,000 அசலில் சேரும். கடன் இப்போது 5,40,000. பத்து வருடத்தில் அடைப்பதானால் மாதத் தவணை சுமார் 7,136. வட்டி சேராமல் 4 லட்சமாகவே இருந்திருந்தால் 5,286தான். மாதம் 1,850 கூடுதல், 120 மாதத்துக்கு சுமார் 2,22,000. அதாவது 1.4 லட்சம் வட்டிக்காக 2.22 லட்சம் கட்டுகிறீர்கள். அசலாக மாறிய வட்டி, பத்து வருடமும் தானே வட்டி போடுவதால் வந்த வித்தியாசம் 82,000 ரூபாய்.

படி 4: முடிந்தவரை வட்டியை அவ்வப்போது கட்டுங்கள்

முதல் வருடம் மாதம் 833 ரூபாய்தான். அப்புறம் 1,667, 2,500, 3,333 என்று ஏறும். கடைசி வருடங்கள் பல வீடுகளுக்குக் கஷ்டம்தான், ஆனால் முதல் இரண்டு வருடத்தை மட்டும் கட்டினாலே 30,000 ரூபாய் அசலில் சேராது. தொடர்ந்து கட்டுபவர்களுக்குச் சில வங்கிகள் வட்டி விகிதத்திலும் குறைக்கின்றன. அனுமதிக் கடிதத்தில் அந்த வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

பணம் கட்டும்போது வட்டிக்கணக்கில் வரவு வைக்கச் சொல்லி, அடுத்த மாத ஸ்டேட்மென்டில் அது அங்கே வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.